கல்சுவருக்குப் புதுத் தோல்

ஸ்கைரிம் விளையாடத் தொடங்கும் பலர் முதலில் போய்ச் சேரும் ஊர் ரிவர்வுட். ஆற்றோரம் சில மரவீடுகள், அவற்றின் அடியில் கல் அடுக்கிய சுவர்கள். 2011இல் வெளிவந்த விளையாட்டு என்பதால் சுவரருகே போய் நின்றால் கல் மங்கலாகத்தான் தெரியும். கைவசம் கேமராவும் படம் திருத்தும் மென்பொருளும் உள்ள ஒருவருக்கு அங்கே ஓர் ஆசை வரும். நல்ல கருங்கல் சுவர் ஒன்றைப் படமெடுத்து, அந்தப் பழைய கல்லின் இடத்தில் இதை ஒட்டிவிட்டால் என்ன?

ஒட்டலாம். ஆயிரக்கணக்கானோர் செய்கிற வேலைதான் அது. ஆனால் முதன்முறை செய்கிறவர்களில் பலருக்கு மூன்றில் ஒரு கோளாறு வந்து நிற்கும். சுவர் முழுவதும் பளீரென்று ஊதா நிறமாகிவிடும். அல்லது பக்கத்தில் அழகாக இருக்கும் சுவர், நாலடி பின்னால் நகர்ந்ததும் புற்றில் எறும்பு மொய்ப்பதுபோல் மினுமினுக்கும். அல்லது கருங்கல் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். உடனே அவர்கள் படத்தில்தான் தவறு என்று நினைத்து, திரும்பத் திரும்ப வரைகிறார்கள். தவறு படத்தில் இருப்பதில்லை. படத்தைச் சேமிக்கும்போது கடைசியாகத் திறந்த அந்தச் சின்னப் பெட்டியில், எந்தச் சுருக்க முறை, மிப்மேப் வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்குத் தந்த பதிலில் இருக்கிறது.

அந்த இரண்டு கேள்விகளையும் இந்த ஒரே சுவரை வைத்து விளக்கிவிடலாம். நாம் எடுத்துக்கொள்வது 2016 அக்டோபரில் வந்த ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்.

விளையாட்டு படத்தைப் பார்ப்பதில்லை

விளையாட்டில் ஒரு பொருளின் மேல் போர்த்தியிருக்கும் படத்தை டெக்ஸ்சர் என்கிறோம். ஸ்கைரிமில் அது .dds என்ற ஃபைலாக இருக்கும். நம் போனில் இருக்கும் .jpg அல்லது .png படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெறும் பெயரில் இல்லை.

.png ஃபைல் வட்டில் இருக்கும்போதுதான் சிறியது. திறந்ததும் விரிந்துவிடும். 2048 பிக்சல் அகலமும் அதே உயரமும் உள்ள படத்தில் ஏறக்குறைய 42 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று நான்கு பைட். ஆக, கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் அந்த ஒரே சுவருக்கு 16 எம்பி போய்விடும். ஒரு காட்சியில் இப்படி நூற்றுக்கணக்கான டெக்ஸ்சர்கள் வேண்டும்.

.dds ஃபைலில் பயன்படும் சுருக்க முறைகள் வேறு வகையானவை. படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே அளவுள்ள ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுகின்றன. எல்லாப் பொட்டலமும் ஒரே அளவு என்பதால், சுவரின் எந்த மூலையிலுள்ள பிக்சல் வேண்டுமென்றாலும் அது எந்தப் பொட்டலத்தில் இருக்கிறது என்று கிராபிக்ஸ் சிப்புக்குக் கணக்குப் போட்டால் தெரியும். அந்த ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளும். மற்றவை நினைவகத்திலும் சுருங்கியபடியே கிடக்கும். அதனால்தான் .png படத்துக்கு .dds என்று பெயரை மட்டும் மாற்றி வைத்தால் வேலைக்கு ஆகாது. விளையாட்டு ஃபைலின் தலைப்பகுதியைப் படித்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு செய்கிறது.

ஸ்கைரிமில் ஊதா நிறம் வந்தால், அந்த இடத்துக்கு வேண்டிய டெக்ஸ்சர் விளையாட்டுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். ஃபோல்டர் பாதையில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். பெயர் மாறியிருக்கலாம். நம் சுவரின் ஃபைல் இருக்க வேண்டிய இடம் இதுதான்:

```
Data\textures\architecture\farmhouse\stonewall01.dds
```

ஊதா தெரிந்தால் முதலில் இந்தப் பாதையைச் சரிபாருங்கள். பாதை சரியாக இருந்தால், அடுத்து ஃபைலின் உள்ளே பார்க்க வேண்டும்.

பதினாறு பிக்சலும் இரண்டு நிறமும்

சேமிக்கும் பெட்டியில் BC1, BC3, BC5, BC7 என்று ஒரு பட்டியல் வரும். சில மென்பொருள்களில் BC1க்கு DXT1 என்றும், BC3க்கு DXT5 என்றும் பழைய பெயர் இருக்கும். இவற்றில் மூத்தது BC1. எஸ்3 என்ற கிராபிக்ஸ் சிப் நிறுவனம் 1990களின் இறுதியில் கொண்டுவந்த முறை அது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு கட்டத்தை உற்றுப் பார்த்தால் மற்றவையும் புரிந்துவிடும்.

நம் சுவர்ப் படத்தில் இரண்டு கற்கள் சேரும் இடத்தில் பதினாறு பிக்சல் கொண்ட ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் சாம்பல் நிறக் கல் இருக்கிறது, இடுக்கில் கறுப்பு நிழல் இருக்கிறது, ஓரத்தில் பச்சைப் பாசி இருக்கிறது. BC1 இந்தக் கட்டத்துக்கு எட்டே பைட் ஒதுக்குகிறது. அதில் நான்கு பைட்டை இரண்டு நிறங்களை எழுதி வைக்கச் செலவிடுகிறது. அந்த இரண்டுக்கும் இடையில் இன்னும் இரண்டு நிறங்களைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. மீதி நான்கு பைட்டில், ஒவ்வொரு பிக்சலும் இந்த நான்கு நிறங்களில் எது என்று குறித்து வைக்கிறது.

கட்டத்தில் சாம்பலும் கறுப்பும் மட்டும் இருந்தால் இது அருமையாகப் பொருந்தும். சாம்பலிலிருந்து கறுப்புக்குப் போகும் வழியில் இடைநிறங்கள் இயல்பாக வந்து விழும். பாசியின் பச்சை அந்த வழியில் இல்லை. அதனால் பச்சை சாம்பல் பக்கம் இழுக்கப்பட்டுச் சாயம் போகும், அல்லது பச்சைக்கு இடம் கொடுத்துக் கல்லின் நிறம் கெடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாசி ஓரங்களில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிவது இதனால்தான். இன்னொரு குறையும் உண்டு. எழுதி வைக்கும் அந்த இரண்டு நிறங்களில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 32 படிகள்தாம், பச்சைக்கு 64. ஆகவே மெல்ல மெல்ல மாறும் சாம்பல் நிறங்களில் பட்டை பட்டையாகப் பச்சை அல்லது ஊதாச் சாயல் படியும்.

BC3 நிறத்தைப் பொறுத்தவரை இதே முறைதான். கூடவே இன்னும் எட்டு பைட் எடுத்துக்கொண்டு ஆல்ஃபா சேனலைத் தனியாக, நன்றாக எழுதி வைக்கிறது. ஒரு கட்டத்துக்கு மொத்தம் 16 பைட்.

BC7க்கும் அதே 16 பைட்தான். ஆனால் அதைச் செலவிடும் விதம் வேறு. அதற்கு எட்டு வழிகள் தெரியும். ஒரு கட்டத்தை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே இரண்டு நிறம் கொடுக்க அதனால் முடியும். நம் கட்டத்தில் கல்லும் நிழலும் ஒரு பகுதி, பாசி இன்னொரு பகுதி என்று ஆகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. அசல் படத்தையும் BC7 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்டுபிடிப்பதே கடினம்.

எந்த வழி பொருந்தும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதால் BC7இல் சேமிக்க நேரம் பிடிக்கும். அது நமக்கு ஒருமுறை ஆகும் செலவு. விளையாடும்போது அதனால் வேகம் குறைவதில்லை.

ஒரு தடை மட்டும் உண்டு. BC7 என்பது டைரக்ட்எக்ஸ் 11உடன் வந்த முறை. ஸ்பெஷல் எடிஷன் டைரக்ட்எக்ஸ் 11இல் ஓடுவதால் அதைப் படிக்கும். 2011இல் வந்த பழைய ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் 9இல் ஓடுவது. அதற்கு BC7 என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே ஊர், ஒரே சுவர், ஒரே ஃபைல் பெயர் என்றாலும், பழைய பதிப்புக்குச் செய்கிறவர் DXT1 அல்லது DXT5ஐத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருங்கல் ஏன் பளபளத்தது

சுவருக்கு ஒரு டெக்ஸ்சர் போதாது. நிறத்தைச் சொல்லும் stonewall01.dds உடன் stonewall01_n.dds என்று இன்னொன்று இருக்கும். இது நார்மல் மேப். நீலமும் ஊதாவுமாகத் தெரியும் இந்தப் படத்தில் நிறம் என்று எதுவுமில்லை. கல்லின் மேற்பரப்பு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தத் திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எண்களாகச் சொல்கின்றன. அதைப் பார்த்துத்தான் விளையாட்டு வெளிச்சத்தையும் நிழலையும் போடுகிறது.

ஸ்கைரிமில் இதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. நார்மல் மேப்பின் ஆல்ஃபா சேனலில், அந்த இடம் எவ்வளவு மின்ன வேண்டும் என்ற தகவலை வைத்திருக்கிறார்கள். கறுப்பாக இருந்தால் மின்னாது. வெள்ளையாக இருந்தால் முழுக்க மின்னும்.

எண்ணெய் தடவிய கருங்கல்லின் ரகசியம் இங்கேதான். புது நார்மல் மேப்பைச் செய்தவர் ஆல்ஃபா சேனலைத் தொடவே இல்லை. தொடாத ஆல்ஃபா முழு வெள்ளையாக இருக்கும். அல்லது ஆல்ஃபா சரியாகச் செய்து, சேமிக்கும்போது BC1ஐத் தேர்ந்தெடுத்துவிட்டார். மென்மையான ஆல்ஃபாவை வைக்க BC1இல் இடமே கிடையாது.

இங்கே BC5 இன்னொரு பொறி. ‘நார்மல் மேப்புக்கு BC5தான் சிறந்தது’ என்று பலர் சொல்வார்கள். பல விளையாட்டுகளுக்கு அது உண்மை. இதே பெதஸ்டா நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஃபால்அவுட் 4 நார்மல் மேப்புகளை BC5இல்தான் வைத்திருக்கிறது. BC5 சிவப்பு, பச்சை என்ற இரண்டு சேனலை மட்டும் மிகத் துல்லியமாக வைத்துக்கொண்டு நீலத்தையும் ஆல்ஃபாவையும் கைவிடுகிறது. ஃபால்அவுட் 4இல் மின்னும் தகவலுக்குத் தனி ஃபைல் இருக்கிறது. ஸ்கைரிமுக்கு நீலமும் வேண்டும், ஆல்ஃபாவும் வேண்டும். BC5 ஃபைலைக் கொடுத்தால் ஆல்ஃபாவைக் கேட்கும்போது முழு வெள்ளை என்ற பதில்தான் கிராபிக்ஸ் சிப்பிடமிருந்து வரும். சுவர் மின்னும், வெளிச்சமும் தாறுமாறாகும்.

ஆகவே எந்த முறை என்று கேட்பதற்கு முன், இந்த ஃபைலின் ஒவ்வொரு சேனலிலும் விளையாட்டு எதைத் தேடுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கான விடை அசல் ஃபைலிலேயே இருக்கிறது. விளையாட்டின் .bsa தொகுப்பிலிருந்து அசல் டெக்ஸ்சரைப் பிரித்தெடுத்து, அதில் ஆல்ஃபா இருக்கிறதா, இருந்தால் அதில் என்ன படம் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். நம் சுவரைப் பொறுத்தவரை, ஸ்பெஷல் எடிஷனில் நிறத்துக்கும் நார்மல் மேப்புக்கும் BC7 போதும்.

தூரத்துச் சுவரின் எறும்புகள்

இனி மினுமினுப்பு. சுவரிலிருந்து விலகி ஆற்றுக்கு அக்கரையில் போய் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சுவர் திரையில் நூறு பிக்சல் அகலம்தான் இருக்கிறது. ஆனால் டெக்ஸ்சரோ 2048 பிக்சல் அகலம். திரையின் ஒரு புள்ளிக்கு டெக்ஸ்சரில் அகலவாக்கில் மட்டுமே இருபது பிக்சல் போட்டி போடுகின்றன. கிராபிக்ஸ் சிப் அவற்றில் கைக்குக் கிடைத்த ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளும். இப்போது கறுப்பு இடுக்கு கிடைத்தது. நாம் அரை அடி நகர்ந்தால் வெளிறிய கல் கிடைக்கும். நகர நகரப் புள்ளிகள் மாறிக்கொண்டே இருப்பதுதான் அந்த எறும்பு மொய்ப்பு.

இதற்குத் தீர்வை 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் என்ற கணினி வரைகலை ஆய்வாளர் எழுதினார். அதே படத்தைப் பாதி அளவில் ஒன்று, அதில் பாதியாக ஒன்று என்று முன்கூட்டியே சுருக்கி ஒரே ஃபைலுக்குள் வைத்துவிடுவது. இந்தச் சிறு படங்களுக்கு மிப்மேப் என்று பெயர். மிப் என்பது ‘சிறிய இடத்தில் நிறைய’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள். தூரத்துச் சுவருக்கு கிராபிக்ஸ் சிப் 128 பிக்சல் படத்தை எடுத்துக்கொள்ளும். அதில் கல்லும் இடுக்கும் ஏற்கெனவே சராசரியாகக் கலந்திருப்பதால் எதுவும் மினுக்காது.

2048, 1024, 512 என்று இறங்கி 1 வரை போனால் மொத்தம் 12 படிகள். இத்தனையும் சேர்த்தாலும் ஃபைல் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். அதை மிச்சம் பிடிக்க நினைத்து மிப்மேப்பை விட்டுவிடுகிறவர்கள் இரண்டு வகையில் இழக்கிறார்கள். சுவர் மினுமினுக்கும். தூரத்தில் கிடக்கும் ஒவ்வொரு சுவருக்கும் முழுப் படத்தையே துழாவ வேண்டியிருப்பதால் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை கூடும். உலகத்தில் நடந்து பார்க்கும் எந்தப் பொருளுக்கும் 12 படிகளும் வேண்டும். திரையில் ஒரே அளவில் ஒட்டி நிற்கும் மெனுப் படங்களுக்குத்தான் அது தேவையில்லை. அளவு 2048, 1024 என்று இரண்டின் அடுக்காக இருந்தால் பாதியாக்கும் கணக்கு சுத்தமாக வரும். 2000 பிக்சல் படத்தைச் சேமிக்கும் முன்பே 2048 ஆக்கிவிடுங்கள்.

மிப்மேப் இருந்தும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிம்ப் மென்பொருளில் அசல் .dds ஃபைலை மிப்மேப்புகளோடு திறந்தால் ஒவ்வொரு படியும் ஒரு லேயராக வரும். ஒருவர் மேல் லேயரில் மட்டும் புதுக் கல்லை ஒட்டி, சேமிக்கும்போது, இருக்கிற மிப்மேப்பையே பயன்படுத்து என்ற தேர்வை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் நின்றால் புதுச் சுவர், பத்தடி தள்ளிப் போனால் பழைய சுவர். நடக்க நடக்கச் சுவர் மாறிக்கொண்டே இருக்கும். மிப்மேப்பைப் புதிதாக உருவாக்கு என்ற தேர்வைத்தான் எப்போதும் எடுக்க வேண்டும்.

இலை, புல், வலை போன்று நடுவில் ஓட்டையுள்ள டெக்ஸ்சர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். அவற்றின் ஆல்ஃபாவைச் சுருக்கிச் சராசரி எடுக்கும்போது மெல்லிய இலைகள் கரைந்து, தூரத்து மரம் மொட்டையாகத் தெரியும். இதைத் தடுக்க texconv கருவியில் -keepcoverage 0.5 என்று சேர்த்தால், ஒவ்வொரு படியிலும் இலைகள் மறைக்கும் பரப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

சேமித்து, சரிபார்த்து, பிறகு விளையாட்டு

இப்போது சுவரை முடிப்போம். கையிலிருப்பது 2048க்கு 2048 அளவுள்ள stonewall01.tga. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் texconv கருவியில் இந்த ஒரே வரி போதும்:

```
texconv -f BC7_UNORM -m 0 -y -o out stonewall01.tga
```

-f என்பது சுருக்க முறை. -m 0 என்றால் கடைசிப் படி வரை எல்லா மிப்மேப்பும் வேண்டும் என்று பொருள். out என்பது முடிந்த ஃபைல் போய்ச் சேரும் ஃபோல்டர், அதை முன்பே உருவாக்கி வையுங்கள். கட்டளை எழுதப் பழக்கமில்லாதவர்கள் பெயின்ட்.நெட் மென்பொருளில் சேமிக்கும்போது BC7 வரிசையைத் தேர்ந்தெடுத்து, மிப்மேப் உருவாக்கும் கட்டத்தில் டிக் செய்தால் இதே பலன்தான்.

உடனே விளையாட்டைத் திறக்க வேண்டாம். இதே தொகுப்பில் வரும் texdiag கருவியிடம் கேளுங்கள்:

```
texdiag info out\stonewall01.dds
```

வரும் பதிலில் width, height இரண்டும் 2048, mipLevels 12, format BC7_UNORM என்று இருந்தால் ஃபைல் சரி. கருவியே இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பொட்டலங்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால், படத்தில் என்ன இருந்தாலும் ஃபைலின் அளவு மாறாது. BC7இல் 12 படிகளோடு சேமித்த 2048 டெக்ஸ்சர் சரியாக 55,92,580 பைட் இருக்கும். மிப்மேப் விட்டுப்போயிருந்தால் 41,94,452 பைட். வலது கிளிக் செய்து அளவைப் பார்த்தாலே எறும்பு வருமா வராதா என்று தெரிந்துவிடும்.

நார்மல் மேப்புக்கும் இதே வரிதான், பெயரை மட்டும் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ஆல்ஃபா சேனலைத் தனியாகத் திறந்து, கருங்கல்லுக்கு ஏற்ற இருண்ட சாம்பல் அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிந்த இரண்டு ஃபைல்களையும் மேலே சொன்ன farmhouse ஃபோல்டரில் வைத்தால், தொகுப்பிலிருக்கும் பழையவற்றை விட்டுவிட்டு விளையாட்டு இவற்றை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. சேமித்த .dds ஃபைலைத் திறந்து, திருத்தி, மறுபடி .dds ஆகவே சேமிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தேயும், தேய்ந்தது திரும்பாது. சுருக்காத மூலப் படத்தைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வையுங்கள். திருத்தம் எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். நாளைக்கு BC1 வேண்டும், 1024 அளவு வேண்டும் என்று யார் கேட்டாலும், அந்த ஒரு படத்திலிருந்து ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.